4:15 அலாரம் பிந்தி அடிக்கிறது, சில நாள் போனைக் கையில் எடுத்தால்தான் அடிக்கிறது

தோட்டத்துப்பையன்

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் மனைவி டவுனுக்கு வெளியே ஒரு பேக்டரியில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் 5:15க்குச் சிம்பாங்கில் வந்து நிற்கும், ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும், அதை விட்டால் வேறு பஸ் கிடையாது, நான் மோட்டாரில் கொண்டுபோய் விட வேண்டும், எனக்கோ 5:30க்குப் பெரட்டு. அதனால் 4:15க்கு அலாரம். கணக்குப் போட்டால்தான் நிற்கும் என்கிற மாதிரி ஒரு அலாரம் ஆப் பழைய போனில் வைத்திருந்தாள், ஒரு நாளும் தவறியதில்லை. தீபாவளி போனஸில் புதுப் போன் வாங்கினோம், கடையிலேயே பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள், அந்த ஆப்பும் சேர்ந்து வந்தது. பழைய போனை அவள் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டோம்.

அதிலிருந்து தொல்லை. சில நாள் சரியாக அடிக்கிறது, சில நாள் 4:40, சில நாள் 5 மணி. நேற்று அவளே தூக்கம் கலைந்து மணி பார்க்கப் போனை எடுத்திருக்கிறாள், 4:50, கையில் எடுத்த அந்த நொடியில் அலாரம் அடிக்கிறது. வால்யூம் முழுதாக இருக்கிறது. பகலில் அஞ்சு நிமிடம் தள்ளி வைத்துப் பார்த்தால் டாண் என்று அடிக்கிறது. மாதம் தவறாமல் வேலைக்கு வந்தால் கிடைக்கிற எலவன்ஸ் இந்தத் தடவை போய்விட்டது, அந்த வருத்தத்தில் இருக்கிறாள். போன் கெட்டதா, ஆப் கெட்டதா?

ராஜா_தாமான்

போன் சைலண்டில் இருக்கும் தம்பி. ராத்திரி சைலண்டில் போட்டுவிட்டுப் படுத்தால் அலாரமும் அடங்கிவிடும், எனக்கும் இப்படித்தான் இருந்தது. சைலண்டை எடுத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அப்புறம் படுக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிற ஆப் எல்லாவற்றையும் `Clear all` போட்டு மூடிவிடுங்கள், போன் இலேசாகும், அலாரம் தடங்கல் இல்லாமல் அடிக்கும்.

மீனாட்சி_ஈப்போ

எங்கள் அம்மா போனிலும் இதே பிரச்சினை. நான் கூப்பிட்டால் மணியே அடிப்பதில்லை, மிஸ்டு கால் மட்டும் நிற்கும். அலாரமும் அவருக்குக் கேட்பதே இல்லை. காலையில் சர்க்கரை மாத்திரைக்கு நான் வைத்துக் கொடுத்த அலாரம். காது நன்றாகத்தான் கேட்கிறது, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எங்களையே திட்டுவார். என்ன செய்யலாம்?

கடைக்காரர்

டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அலாரம் அடிக்கவில்லை என்று வருகிறவர்கள் நிறைய. இதில் மூன்று வெவ்வேறு நோய் உண்டு, மருந்தும் வெவ்வேறு, அதனால் முதலில் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அலாரம் நேரத்துக்கு வந்து சத்தம் மட்டும் இல்லாமல் போனதா, பிந்தி வந்ததா, வரவே இல்லையா?

மீனாட்சி அக்கா, உங்கள் அம்மாவுடையது அநேகமாக முதல் வகை. அலாரம் நேரம் தாண்டி அரை மணி கழித்து மேலிருந்து திரையை இழுத்துப் பாருங்கள். தவறிய அலாரம், `Missed alarm` என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு நின்றால் அலாரம் நேரத்துக்கு வந்து, கத்த முயன்று, யாரும் தொடாததால் தானாக நின்றிருக்கிறது. அப்படியானால் சத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பாட்டு, வீடியோவுக்கு ஒரு வால்யூம், அழைப்பு மணிக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, எல்லாம் தனித்தனி. பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் சாதாரணமாக ஏறி இறங்குவது வீடியோ சத்தம்தான், அதை முழுதாக ஏற்றி வைத்துவிட்டு வால்யூம் புல் என்று நினைத்துக்கொள்கிறோம். பட்டனை அழுத்தியதும் வரும் கோட்டில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தட்டினால் எல்லாக் கோடுகளும் விரியும். கடிகாரப் படம் போட்ட கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

தம்பி தோட்டத்துப்பையன், உங்களுடையது இரண்டாவது வகை. சத்தம் இருக்கிறது, நேரம்தான் தவறுகிறது, கையில் எடுத்ததும் அடிக்கிறது. இதற்கும் சைலண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு விஷயம் சொல்லுங்கள். அலாரம் சரியாக அடித்த நாள்களில் போன் ராத்திரி சார்ஜில் இருந்ததா? அலாரம் வைத்ததும் திரையின் மேல் ஓரத்தில் குட்டிக் கடிகாரப் படம் வருகிறதா?

ராஜா அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆண்ட்ராய்டில் வெறும் சைலண்ட் அலாரத்தை அடக்காது. `Do Not Disturb` வேறு. அதில்கூட அலாரத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கை யாராவது எடுத்துவிட்டிருந்தால் அலாரமும் ஊமையாகும். உங்கள் போனில் நடந்தது அதுவாக இருக்கலாம். `Clear all` பற்றி அப்புறம் எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

இரவுப்பணி_நர்ஸ்

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நான் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவள். பக்கத்துச் சுவிட்சில் சைலண்ட் போட்டாலும், போகஸ் போட்டாலும் ஐபோனின் சொந்தக் கடிகார அலாரம் அடிக்கும், அதில் பயம் வேண்டாம். ஆனால் ஆண்ட்ராய்டு மாதிரி அலாரத்துக்கென்று தனி வால்யூம் கோடு இதில் இல்லை, அழைப்பு மணிக்குள்ள கோடுதான் அலாரத்துக்கும். `Sounds & Haptics` உள்ளே போனால் அந்தக் கோடும் அதன் கீழே `Change with Buttons` என்பதும் இருக்கும். அது போட்டிருந்தால், பகலில் வார்டில் நிற்கும்போது பட்டனைத் தட்டி மணியைக் குறைத்தது அப்படியே அலாரத்தையும் குறைத்துவிடும். அதை அணைத்துவிட்டுக் கோட்டை ஒரு தடவை சரியாக வைத்தால் போதும், பட்டன் அதைத் தொடாது. எங்கள் வார்டில் புதிதாக வந்த பிள்ளைக்கு அலாரத்தின் ஒலி `None` என்று இருந்தது, வெறும் அதிர்வு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தூக்க அட்டவணையில் வைக்கிற அலாரத்துக்கு மட்டும் அங்கேயே தனியாக ஒரு வால்யூம் உண்டு.

மீனாட்சி_ஈப்போ

கடைக்காரர் அண்ணே, பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன அறிவிப்பு ஒன்றல்ல, வரிசையாக நிற்கிறது. கடிகாரப் படம் போட்ட கோடு அடிமட்டத்தில் கிடந்தது, மணிக் கோடும் அப்படியே. பேரப்பிள்ளைகள் போனை வாங்கி விளையாடுவார்கள், கோட்டை எல்லாம் இழுத்துப் பார்ப்பது அவர்கள்தான். இப்போது ஏற்றி வைத்துவிட்டேன். ஆனால் நாளைக்கே திரும்ப இறக்கிவிடுவார்களே, அலாரக் கோட்டை மட்டும் பூட்டி வைக்க முடியுமா?

தோட்டத்துப்பையன்

அண்ணே, மனைவியிடம் கேட்டேன். எங்கள் வீடு பழைய லயத்து வீடு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிளக், அறையில் பிளக் கிடையாது. பேட்டரி கம்மியாக இருந்தால் ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பாள், அந்த நாள்களில் சத்தம் கேட்டு எழுந்துவிடுவாள், அதிகம் போனால் ஓரிரு நிமிடம் பிந்தும். பேட்டரி இருந்தால் தலைமாட்டில் அலமாரி மேல் வைப்பாள். பிந்துகிற நாள் எல்லாம் இந்த நாள்தான். இதை நாங்கள் இப்படிச் சேர்த்து யோசிக்கவே இல்லை.

மேல் ஓரத்தில் கடிகாரப் படம் வரவில்லை. பழைய போனில் வரும் என்கிறாள். போனில் கூடவே வந்த கடிகாரத்தில் ஒரு அலாரம் வைத்துப் பார்த்தேன், அதற்குப் படம் வருகிறது. இந்த ஆப்பில் வைத்தால் வரவில்லை.

கடைக்காரர்

அப்படியானால் விஷயம் முக்கால்வாசி தெரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அலமாரி மேல் அசையாமல், திரை அணைந்து, சார்ஜில் இல்லாமல் ஒரு போன் கிடந்தால் ஆண்ட்ராய்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இது உண்டு. அந்தத் தூக்கத்தில் ஆப்கள் கேட்கிற சில்லறை வேலைகளை எல்லாம் போன் தள்ளி வைத்து, இடையிடையே கொஞ்ச நேரம் விழித்து மொத்தமாகச் செய்து முடிக்கும். ராத்திரி ஏற ஏற அந்த விழிப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் நீளும். யாராவது போனைக் கையில் எடுத்தாலோ திரையைத் தட்டினாலோ தூக்கம் கலைந்து, தேங்கி நின்றதெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும். உங்கள் மனைவி 4:50க்கு எடுத்ததும் அடித்தது அதனால்தான். சார்ஜில் இருந்தால் இந்தத் தூக்கமே கிடையாது, அதனால் ஹாலில் பிழைத்தது. பகலில் அஞ்சு நிமிடம் தள்ளி வைத்துப் பார்க்கும்போது போன் தூங்கவே நேரம் இல்லை, அந்தச் சோதனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எல்லா அலாரமும் பிந்த வேண்டுமே என்று கேட்பீர்கள். பிந்தாது. 'இது ஆளை எழுப்புகிற அலாரம்' என்று ஒரு ஆப் முறைப்படி பதிவு செய்தால், போன் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தூக்கத்திலிருந்து வெளியே வந்து காத்திருக்கும். மேல் ஓரத்துக் கடிகாரப் படம் அந்தப் பதிவின் அடையாளம். படம் வரவில்லை என்றால் உங்கள் ஆப் அப்படிப் பதிவு செய்யவில்லை, 'அந்த நேரத்தை ஒட்டி ஒரு வேலை' என்று மட்டும் கேட்டிருக்கிறது. சார்ஜில் இருந்தும் ஓரிரு நிமிடம் பிந்துவதற்கும் அதே காரணம்தான்.

பழைய போனில் ஒழுங்காக இருந்த ஆப் ஏன் இப்படி மாறியது? உங்கள் புதுப் போன் ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்கு மேல் இருக்கும். நிமிடம் தவறாத அலாரம் வைக்க ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி வேண்டும். 14இல் புதிதாக ஏறுகிற பல ஆப்களுக்கு அந்த அனுமதி மூடித்தான் இருக்கும், பழைய போனில் கொடுத்திருந்தாலும் காப்பி பண்ணி மாற்றும்போது கூட வராது. அசல் அலாரம் ஆப்களுக்குத் தானாகக் கிடைக்கிற இன்னொரு அனுமதி உண்டு, ஆனால் ஆப் செய்தவர் அதைச் சேர்த்துப் புதுப்பித்திருக்க வேண்டும். உங்களுடையது பழைய பதிப்பாக இருக்கும்.

`Settings` உள்ளே `Apps`, அதில் `Special app access`, அதில் `Alarms & reminders`. சில போனில் இந்த வழி கொஞ்சம் மாறும், அப்போது மேலே தேடும் இடத்தில் Alarms என்று அடித்தால் வந்துவிடும். அந்த ஆப்பின் பெயருக்கு நேரே உள்ளதைத் திறந்துவிட்டு, ஆப்பினுள் போய் அலாரத்தை அழித்துப் புதிதாக வையுங்கள். பழையதை அப்படியே விட்டால் பழைய பதிவோடேயே கிடக்க வாய்ப்பு உண்டு. வைத்ததும் மேலே கடிகாரப் படம் வர வேண்டும். வந்தால் எழுதுங்கள்.

ராஜா_தாமான்

நீங்கள் சொல்வது இருக்கட்டும் அண்ணே, நான் பேட்டரி சேவரை அணைத்த நாள் முதல் என் அலாரம் சரியாக இருக்கிறது. அதைச் சொல்லவே இல்லையே. தம்பி, பேட்டரி சேவரையும் அணைத்துவிடுங்கள்.

கடைக்காரர்

அதற்குத்தான் வந்தேன் அண்ணே, அதுவும் பார்க்க வேண்டியதுதான். பேட்டரி சேவரைப் பெரும்பாலும் யாரும் கையால் போடுவதில்லை, இத்தனை சதவீதத்துக்குக் கீழே வந்தால் தானாக ஏறு என்று வைத்திருப்பார்கள். படுக்கும்போது முப்பது சதவீதம் இருந்த போன் நடு ராத்திரியில் இருபதைத் தொட்டால் அது தானாக ஏறிக்கொள்ளும், காலையில் சார்ஜில் போட்டதும் தானாக இறங்கிவிடும், ஏறியது யாருக்கும் தெரியாது. போனோடு வந்த கடிகாரம் அதிலும் அடிக்கும். இறக்கிப் போட்ட ஆப்கள்தான் அடி வாங்கும்.

இதைவிடக் கடுமையானது ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்குப் போடுகிற கட்டுப்பாடு. பல நாள் திறக்காத ஆப்பை 'தூங்கும் ஆப்' பட்டியலில் தள்ளும் போன் உண்டு, தானாக எழுந்து ஓட `Autostart` என்று தனி அனுமதி கேட்கும் போன் உண்டு. அலாரம் ஆப் இந்த விஷயத்தில் பாவம், அதை யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை, அடித்தால் நிறுத்துவோம், அவ்வளவுதான். அந்த ஆப்பின் பேட்டரி பக்கத்துக்குப் போய் `Unrestricted` அல்லது `No restrictions` என்று வைத்து, தூங்கும் பட்டியலில் இருந்தால் எடுத்துவிட்டு, `Autostart` இருந்தால் திறந்துவிடுங்கள். போன் முழுவதற்கும் சேவரை அணைக்கத் தேவையில்லை, அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் போதும்.

`Clear all` விஷயம். சில போன்களில் அது ஆப்பின் திரையை மூடுவதோடு நிற்காது, ஆப்பையே கட்டாயமாக நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் அது பதிவு செய்து வைத்த அலாரங்கள் எல்லாம் அழிந்துபோகும், நாமாக மறுபடி திறக்கும் வரை திரும்பாது. அதனால் ராத்திரி எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுக்காதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் பட்டியலில் அந்த ஆப்பை மட்டும் பூட்டி வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மீனாட்சி அக்கா, அலாரக் கோட்டை மட்டும் பூட்ட போனோடு வருகிற வசதி எதையும் நான் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கும்போது `App pinning` போட்டுக் கொடுத்தால் அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே போக மாட்டார்கள், ஆனால் பட்டனை அழுத்தி வால்யூம் குறைப்பதை அது தடுக்குமா என்பது போனுக்குப் போன் மாறுகிறது. மாத்திரைக்கு ஒரு சின்ன மேசைக் கடிகாரமும் வாங்கி வைத்துவிடுங்கள், உயிர் சம்பந்தப்பட்டதை ஒரே கருவியை நம்பி விடக் கூடாது.

தோட்டத்துப்பையன்

நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன், மூடியே இருந்தது. போன் ஆண்ட்ராய்டு 14தான். திறந்துவிட்டு, அலாரத்தை அழித்துப் புதிதாக வைத்ததும் மேல் ஓரத்தில் படம் வந்துவிட்டது! பூட்டுத் திரையிலும் அடுத்த அலாரம் 4:15 என்று காட்டுகிறது. பேட்டரியும் `No restrictions` வைத்துவிட்டேன், அந்த ஆப்பை நேற்றுத் தூங்கும் பட்டியலில் தேடினேன், அங்கே இல்லை.

இன்று காலை வரை போனை அலமாரி மேல்தான் வைத்தாள், சார்ஜில் இல்லை, 4:15க்கே அடித்தது. ஆனால் ஒரு நாள் அடித்ததை வைத்து நம்பலாமா? முன்னாலும் இடையிடையே சரியாக அடித்த நாள் உண்டு. இன்னொரு தடவை பஸ்ஸை விட்டால் அவளுக்கு அங்கே பேச்சு விழும். பகலிலேயே உறுதிப்படுத்திப் பார்க்க வழி உண்டா அண்ணே?

கடைக்காரர்

உண்டு. சும்மா செய்வதென்றால், லீவு நாளில் போனை சார்ஜில் போடாமல் அலமாரி மேல் வைத்து, மூன்று மணி நேரம் தள்ளி அலாரம் வைத்துவிட்டு, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது மணி பார்க்கத் தொட்டால் சோதனை கெட்டது.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால், டெவலப்பர் வசதியில் `USB debugging` திறந்து, கேபிள் போட்டு, போனை வலுக்கட்டாயமாகத் தூங்க வைக்கலாம். ஒன்றரை மணி நேரம் தள்ளி அலாரம் வைத்து, திரையை அணைத்துவிட்டு இதை அடிக்க வேண்டும், அலாரம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் போன் தூங்க மறுத்துவிடும்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

முதல் வரி சார்ஜர் இல்லாதது போலப் போனை நம்ப வைக்கும், இரண்டாவது தூங்க வைக்கும். அந்தத் தூக்கத்திலும் நிமிடம் தவறாமல் அடித்தால் ராத்திரியும் அடிக்கும். முடிந்ததும் மறக்காமல் இதை அடியுங்கள், இல்லாவிட்டால் போன் சார்ஜ் ஏறுவதைச் சரியாகக் காட்டாது:

```
adb shell dumpsys deviceidle unforce
adb shell dumpsys battery reset
```

கடைக்குக் கொண்டுவந்தால் நானே செய்து காட்டுகிறேன், இதற்குக் காசு வேண்டாம்.

ஒன்று மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது. ராத்திரி போன் தானாக அணைந்து எழுந்தால், மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு அப்படி நடக்கும், பதிவு செய்த அலாரங்கள் எல்லாம் போய்விடும். போன் எழுந்ததும் ஆப்தான் திரும்பப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பின் நம்பர் போட்டு ஒரு தடவை திறக்கும் வரை பெரும்பாலான ஆப்கள் எழுந்திருக்கவே முடியாது. காலையில் கைரேகையை ஏற்காமல் பின் நம்பர் கேட்டால் சந்தேகப்படுங்கள். போனைப் பற்றிய பக்கத்தில் `Up time` இருக்கும், எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்று அதில் தெரியும். தானாக மறுதொடக்கம் ஆகும் வசதி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

தோட்டத்துப்பையன்

நன்றி அண்ணே. மூன்று மணி நேரச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுகிறேன், பிள்ளையைத் தொடவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தானாக மறுதொடக்கம் போட்டுத்தான் இருந்தது, அணைத்தாயிற்று. போன மாதம் ஒரு நாள் சார்ஜில் இருந்தும் அடிக்கவே இல்லை என்று அவள் சொன்னாள், அது இதனால்தானா என்று இப்போது தெரிந்துகொள்ள முடியாது, அந்த நாள் பின் நம்பர் கேட்டதா என்று அவளுக்கு நினைவில்லை. எதற்கும் போனோடு வந்த கடிகாரத்திலும் 4:20க்கு இன்னொன்று வைக்கச் சொல்லிவிட்டேன்.

ராஜா_தாமான்

என் போனில் பார்த்தேன், `Do Not Disturb` விலக்கில் அலாரம் மூடித்தான் கிடந்தது, திறந்துவிட்டேன். பேட்டரி சேவரை மட்டும் நான் போட மாட்டேன், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

செம்பனை_மில்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மில்லில் ஷிப்ட். ராத்திரி புளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன், காதிலிருந்து அது கழன்று விழுந்துவிடும். சில காலை அலாரம் போன் ஸ்பீக்கரிலும் கேட்கிறது, சில காலை இயர்போனில் மட்டும் முனகுகிறது. கடிகாரப் படம் எல்லாம் சரியாக வருகிறது, வால்யூமும் முழுதாக இருக்கிறது. இது எதனால்?

கடைக்காரர்

ஆண்ட்ராய்டில் அலாரம் பொதுவாக ஸ்பீக்கரிலும் வரும், இயர்போனிலும் வரும். ஆனால் ஆப் தன் சத்தத்தை அலாரம் என்று சொல்லி அனுப்பாமல் பாட்டு என்று அனுப்பினால் இயர்போனுக்கு மட்டும் போய்விடும். ஒரே ஆப்பில் சில நாள் இப்படி, சில நாள் அப்படி என்றால் எனக்கு உடனே காரணம் பிடிபடவில்லை. அலாரத்துக்குப் பாட்டு வைத்திருக்கிறீர்களா, போனோடு வந்த ஒலியா? எந்த ஆப்? போனோடு வந்த கடிகாரத்தில் போனோடு வந்த ஒலியை வைத்துச் சில நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை படுக்கும் முன்னால் புளூடூத்தை அணைத்துவிடுங்கள், பாட்டு வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் மெல்ல வைத்துக் கேளுங்கள்.

செம்பனை_மில்

நான் வைத்திருப்பது பாட்டுதான், இறக்கிப் போட்ட ஆப்பில். நாளைக்குக் காலை ஷிப்ட், இன்றே மாற்றி வைக்கிறேன்.